மிஞ்சிய கறியும் பிரைட் ரைஸும் கோழியும்: ஒரு தடவைக்கு மேல் ஏன் சூடாக்கக் கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும்தானே? பிறகு எத்தனை தடவை சூடாக்கினால் என்ன?

எல்லாம் சாவதில்லை. மண்ணிலும் அரிசியிலும் மிளகாய்த்தூளிலும் இறைச்சியிலும் சாதாரணமாகவே இருக்கும் சில பற்றீரியாக்கள், சூழல் தங்களுக்குப் பாதகமாகும்போது வித்தி என்ற தடித்த உறைக்குள் ஒடுங்கிக்கொள்கின்றன. கறி கொதிக்கும்போது உயிரோடு அலையும் பற்றீரியாக்கள் அழிகின்றன. வித்திகளில் ஒரு பகுதி தப்பிவிடுகிறது. சட்டி ஆறத் தொடங்கியதும் அவை முளைத்துப் பெருகுகின்றன. இன்னும் ஒரு விசித்திரம் உண்டு: கொதிசூடு வித்திகளைக் கொல்லாதது மட்டுமல்ல, அவற்றுள் சிலவற்றை முளைக்கவும் தூண்டிவிடுகிறது. போட்டிக்கு வேறு கிருமிகள் இல்லாத சட்டியில் அவற்றுக்குத் தடையே இல்லை.

கோழிக்கறி, இறைச்சிக்கறி போன்ற குழம்புகளில் முக்கியமானது கிளொஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். இது காற்றை விரும்பாதது. கொதிக்கும்போது குழம்பில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுவதால், ஆழமான சட்டியின் அடிப்பகுதி இதற்கு மிகவும் வாய்ப்பான இடமாகிறது. சோற்றில் முக்கியமானது பசிலஸ் சீரியஸ். இதன் ஒரு வகை, ஆறிய சோற்றில் வளரும்போதே செரியுலைட் என்ற நச்சைச் சோற்றுக்குள் விட்டுவிடுகிறது. அந்த நச்சைக் கொதிநீரும் தாச்சிச் சூடும் அழிப்பதில்லை. பற்றீரியாவைக் கொன்றுவிடலாம், ஆனால் அது ஏற்கெனவே விட்டுப்போன நச்சை எடுக்க முடியாது.

முதல் தடவை சூடாக்குவது பரவாயில்லை, இரண்டாவது தடவை ஆபத்து என்றால் அது எப்படி? சட்டிக்கு எண்ணத் தெரியுமா?

நியாயமான கேலி. ஆபத்து எண்ணிக்கையில் இல்லை, எண்ணிக்கையோடு சேர்ந்து கூடும் நேரத்தில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் உணவு இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பற்றீரியா வளரும் மணித்தியாலம். ஒரு கறியைச் சூடாக்குவதென்றால் அது அந்த இடைப்பகுதியைக் கீழிருந்து மேலாக ஒரு முறை கடக்கிறது. மீதியை ஆறவிடும்போது மேலிருந்து கீழாக இன்னொரு முறை, அதுவும் மிக மெதுவாகக் கடக்கிறது. இந்தச் சுற்று இரண்டு, மூன்று தடவை நடந்தால் நேரங்கள் ஒன்றோடொன்று கூடுகின்றனவே தவிர, கொதித்ததும் கணக்கு பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் அகப்பை, ஒரு கை, ஒரு தும்மல் ஆகியவற்றாலும் கிருமி உள்ளே சேர்கிறது.

அந்த இடைப்பகுதியிலும் 40 பாகையை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் உள்ள சூடுதான் மிக மோசமானது. கன்னியா வெந்நீரூற்றில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கும்போது உடம்புக்கு இதமாகப்படுகிறதே, அந்தச் சூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெர்ஃப்ரின்ஜென்ஸுக்கும் அப்படியான சூடே இதம். மிகச் சாதகமான நிலையில் அது ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கக்கூடியது. ஒரு கிராம் குழம்பில் ஒன்றே ஒன்று வளரத் தொடங்கிவிட்டதாக வைத்தாலும், 20 தடவை இரட்டித்தால் பத்து இலட்சத்தைத் தாண்டும். அதற்கு ஆகும் நேரம் 3 மணித்தியாலம் 20 நிமிடம். வித்தி முளைக்க எடுக்கும் நேரத்தையும் சூடு மாறிக்கொண்டிருப்பதையும் சேர்த்தால் உண்மையில் இதைவிடத் தாமதமாகலாம். ஆனாலும் ஒரு பின்னேரம் போதும் என்பது விளங்கும்.

"ஒரு தடவை மட்டும்" என்பது, இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் கடிகாரம் பார்த்துப் போட முடியாத வீடுகளுக்கான பாதுகாப்பான விதி. பிரித்தானிய உணவுத் தர அமைப்பும் மிஞ்சிய உணவை ஒரு தடவைக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

ஞாயிறு சமைத்த கோழிக்கறியைத் திங்கள் மத்தியானம் வரை சாப்பிடுகிறோம். இடையிடையே சூடாக்கி, இரவு பிரிட்ஜிலும் வைக்கிறோம். எங்கே பிழை?

உப்புவெளியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். இரண்டரைக் கிலோ கோழி, தேங்காய்ப்பால் விட்ட குழம்போடு பெரிய அலுமினியச் சட்டியில் காலை 11.30க்கு இறங்குகிறது. ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடுகிறார்கள். முக்கால்வாசிச் சட்டி மீதி. மூடி போட்டு அடுப்பிலேயே இருக்கிறது.

மூடியோடு இருக்கும் ஆழமான சட்டி மிக மெதுவாக ஆறும். வெளியே 31, 32 பாகை வெப்பம் இருக்கும் நாளில் கறி அதற்குக் கீழே போகவே வழியில்லை. குளிர்நாட்டுச் சமையலறையில் மேசை கொஞ்சமாவது குளிர்விக்கும், திருகோணமலையில் மேசையே அடைகாக்கும். ஆகவே இரண்டு மணி அளவில் இதமான சூட்டுக்கு இறங்கும் குழம்பின் நடுப்பகுதி, நான்கு மணி வரை அதே நிலையில் நிற்கிறது. இது முதலாவது பெருக்கம்.

நான்கு மணிக்கு நிலாவெளியிலிருந்து உறவினர் வருகிறார்கள். அடுப்பை மெல்லிய நெருப்பில் வைத்து, ஓரத்தில் குமிழி வரும் வரை பத்து நிமிடம் சூடாக்குகிறார்கள். என் கணிப்பில் முழு நாளிலும் மிகக் கெட்ட செயல் இதுதான். அடியும் ஓரமும் கொதிக்க, நடுவில் இருக்கும் தொடைத்துண்டு 50 பாகையைத் தாண்டாமலே இருந்திருக்கலாம். கிருமிகள் சாகவில்லை, சூடேறி மறுபடி இதமான நிலைக்கு வந்திருக்கின்றன. சட்டி மூடப்பட்டு மீண்டும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு இடியப்பத்தோடு இரண்டாவது தடவை சூடாக்குகிறார்கள். ஒன்பதரைக்குச் சட்டி முழுவதும் அப்படியே பிரிட்ஜுக்குள் போகிறது.

பிரிட்ஜில் வைத்தது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சூடான கறியைச் சட்டியோடு உள்ளே தள்ளினால், நடுப்பகுதி 5 பாகைக்கு வர இரவின் பெரும்பகுதி பிடிக்கும். அதுவரை உள்ளே வளர்ச்சி நடக்கிறது, பக்கத்தில் உள்ள பாலும் சூடேறுகிறது. திங்கள் காலை பாணுக்கு மூன்றாவது தடவை, மத்தியானம் நான்காவது. முதல் நாள் மத்தியானம் சாப்பிட்ட எவருக்கும் ஒன்றும் ஆகாமலே திங்கள் இரவு இரண்டு பேருக்கு வயிறு முறுக்கினால், "கோழி பழுது" என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். கோழியில் பிழை இருந்திருக்காது.

அப்படியானால் அதே கறியை என்ன செய்திருக்க வேண்டும்?

ஒரு மணிக்குச் சாப்பாடு பரிமாறும் முன்பே, இன்றைக்கு வேண்டாத பங்கைப் பிரித்தெடுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றவை தானாக அமையும். இரண்டு விரற்கடைக்கு மேல் ஆழம் வராதபடி அகன்ற தட்டங்களில் கறியைப் பரப்பினால் விரைவில் ஆறும். இன்னும் விரைவாக வேண்டுமானால், தட்டத்தைத் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் வைத்து இடையிடையே கிளறலாம். மத்தியானத்தில் கூரைத் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் சில நாட்களில் கையைச் சுடும், அது உதவாது. கிணற்று நீரோ, ஐஸ்கட்டி போட்ட நீரோ எடுங்கள்.

ஆவி பறப்பது நின்றதும், ஒரு வேளைக்கு ஒரு பெட்டி என்ற அளவில் சிறு பெட்டிகளில் இட்டு பிரிட்ஜில் வைக்க வேண்டும். இது சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். வெக்கை 32 பாகையைத் தாண்டும் நாட்களில் ஒரு மணித்தியாலமே எல்லை. முற்றாகக் குளிர்ந்த பிறகுதான் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று பலர் மூன்று நான்கு மணித்தியாலம் காத்திருப்பது பழைய பழக்கம். இளஞ்சூட்டில் உள்ள சிறு பெட்டி பிரிட்ஜுக்குக் கெடுதல் செய்யாது.

பிறகு, வேண்டிய பெட்டியை மட்டும் எடுத்து, அதையே சூடாக்கி, அதை முழுவதும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மற்றப் பெட்டிகள் சூட்டைக் காணவே இல்லை. ஐந்து வேளை சாப்பிட்டாலும் எந்தப் பெட்டியும் ஒரு தடவைக்கு மேல் சூடாகியிருக்காது. கறியையும் கோழியையும் இரண்டு நாட்களுக்குள், சோற்றை 24 மணித்தியாலத்துக்குள் முடிப்பது நல்லது. அதற்கு மேல் வைப்பதானால் அன்றே உறைநிலைப் பகுதியில் வையுங்கள். உறைய வைத்தல் வளர்ச்சியை நிறுத்துமே தவிர, அதற்கு முன் நடந்ததை அழிக்காது.

இரவு கடையில் வாங்கிய பிரைட் ரைஸ் பாதி மிஞ்சியது. காலையில் சூடாக்கலாமா?

கடைப் பிரைட் ரைஸ் வீட்டுக்கு வரும்போதே பெரும்பாலும் ஒரு தடவை சூடாக்கப்பட்டது என்பதை யாரும் எண்ணுவதில்லை. சுடச்சுட வடித்த சோறு தாச்சியில் குழைந்துவிடும் என்பதால், சோறு முன்கூட்டியே அவிக்கப்பட்டு ஆறவைக்கப்படுகிறது. பிரிட்ஜில் வைத்து ஆற்றியிருந்தால் கவலை குறைவு. பெரிய பாத்திரத்தில் அடுக்களையின் வெக்கையிலேயே மணிக்கணக்காக இருந்திருந்தால், பசிலஸ் சீரியஸ் தன் வேலையைப் பின்னேரத்திலேயே முடித்திருக்கும். பிறகு தாச்சியில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டும் நெருப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் செரியுலைட் நச்சுக்கு அது பொருட்டல்ல. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீன உணவகங்களின் பிரைட் ரைஸால் வாந்தி நோய் பரவியபோது, ஆராய்ந்தவர்கள் கண்ட காரணம் இதுவேதான்: அவித்த சோறு அறைச்சூட்டில் வைக்கப்பட்டிருந்தது.

ஆகவே நீங்கள் காலையில் சூடாக்குவது சோற்றுக்கு இரண்டாவது சூடாக்கல். பார்சல் மேசையில் இரவு முழுவதும் இருந்திருந்தால் கேள்விக்கே இடமில்லை, எறிந்துவிடுங்கள். வாங்கி வந்ததும் பாதியைப் பிரித்து பிரிட்ஜில் வைத்தவர்கள் பலர் ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டிருப்பார்கள். இருந்தாலும் கடையில் அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாததால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாப்பிடக்கூடிய அளவுக்கு வாங்குவதே வழி. மூன்று பேருக்கு இரண்டு பார்சல் போதும் என்பது இங்குள்ள பார்சலைக் கண்டவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் பிரைட் ரைஸ் செய்பவர்கள், சோற்றை அவித்ததும் தட்டத்தில் மெல்லியதாகப் பரப்பி, ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, அடுத்த நாள் எடுத்துப் பொரிக்கலாம். அந்தப் பொரித்தல்தான் அந்தச் சோற்றுக்கு உரிய ஒரே சூடாக்கல். மிஞ்சியதை மறுபடி வைக்க வேண்டாம்.

ரைஸ் குக்கரில் சூடாகவே வைத்திருந்தால் அதுவும் திரும்பச் சூடாக்குவதா?

இல்லை. சோறு 60 பாகைக்கு மேல் நிற்கும் வரை வளர்ச்சி நடப்பதில்லை. மின்சாரம் நின்றாலோ ஆளி அணைக்கப்பட்டாலோ, அந்த நிமிடத்திலிருந்து கணக்கு தொடங்குகிறது.

பொரித்த கோழித் துண்டை எப்படிச் சூடாக்குவது? உள்ளே சூடானது என்று எப்படித் தெரியும்?

எலும்போடு உள்ள தொடைத்துண்டு வெளியே கருகும் வரையிலும் உள்ளே குளிராக இருக்கக்கூடியது. எலும்பிலிருந்து சதையைப் பிரித்து, சிறு துண்டுகளாக்கிச் சூடாக்குவதே எளிது. சதையைக் கையால் பிய்ப்பதானால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிய்த்தவுடனேயே அடுப்பில் போட வேண்டும். நம் தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகோக்கஸ் பிய்த்த கோழியில் ஏறி, வெளியே வைத்திருந்தால் நச்சு விடும். அந்த நச்சும் கொதிக்கு அசைவதில்லை. மாலையில் பிய்த்து வைத்துக் காலையில் பாணுக்குள் வைப்பது அதனால்தான் கூடாது.

உணவு வெப்பமானி இருந்தால் மிகத் தடித்த துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள். 75 பாகை வர வேண்டும். இல்லாவிட்டால், குழம்பு ஓரத்தில் மட்டுமல்லாமல் கிளறிய பின்னும் நடுவில் கொப்பளிக்க வேண்டும், அந்தக் கொதி இரண்டு மூன்று நிமிடம் நீடிக்க வேண்டும். பெரிய துண்டொன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளிருந்து ஆவி வர வேண்டும். வாய்க்கு இதமான சூடு போதாது. உடனே வாயில் வைக்க முடியாத சூடு வேண்டும்.

மைக்ரோவேவ் உணவின் எல்லா இடத்தையும் ஒரே அளவாகச் சூடாக்குவதில்லை. பாதி நேரத்தில் வெளியே எடுத்துக் கிளறி, மீண்டும் வைத்து, முடிந்தபின் இரண்டு நிமிடம் மூடி வைத்து, பிறகு நடுப்பகுதியைச் சோதியுங்கள்.

மணந்து பார்த்தால் தெரிந்துவிடாதா? புளிக்காத கறியை ஏன் எறிய வேண்டும்?

உணவைப் புளிக்க வைக்கும், நூல்விட வைக்கும் கிருமிகள் வேறு. நோய் தரும் இந்தக் கிருமிகள் வேறு. செரியுலைட்டுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. பெர்ஃப்ரின்ஜென்ஸ் இலட்சக்கணக்கில் இருக்கும் கறியும் மிளகாய்த்தூளின் வாசத்தோடு அருமையாகவே இருக்கும். கெட்ட மணம் வந்தால் எறியலாம், நல்ல மணம் வந்தால் சாப்பிடலாம் என்பதில் முதல் பாதி மட்டுமே சரி. நம்பத்தக்கது நேரம்தான். பெட்டி மூடியில் நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

அம்மம்மா சுண்டக்கறி வைத்துத்தானே எங்களை வளர்த்தா? அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

சுண்டக்கறியின் சுவையைப் பழிக்க நான் வரவில்லை. மிஞ்சிய கறிகளை மண்சட்டியில் ஒன்றாக்கி, நீர் வற்றும் வரை காய்ச்சி, காலையில் சோற்றோடு பிசைந்து தின்ற சுவைக்கு ஈடு இல்லை. ஆனால் அந்தச் சட்டிக்கும் இன்றைய சட்டிக்கும் வேறுபாடு உண்டு. அதில் பெரும்பாலும் பழப்புளி கரைத்த மீன்குழம்பு இருந்தது. புளிப்பும் உப்பும் கிருமி வளர்ச்சியைக் குறைப்பவை. அளவு ஒரு கைப்பிடி, ஆகவே விரைவில் ஆறியது, சுண்டும்போது முழுவதும் கொதித்தது. காய்ச்சியதை அந்த வேளையே முடித்தார்கள். தேங்காய்ப்பால் விட்ட இரண்டரைக் கிலோ கோழிக்கறியில் இவற்றில் எதுவும் இல்லை.

ஒன்றும் ஆகவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. ஒரு நாள் வயிற்றோட்டம் வந்தால் "சூடு பிடித்தது", "கண்ணூறு" என்று வேறு பெயர் வைத்தோம். சுண்டக்கறி வேண்டுமானால், பிரிட்ஜில் வைத்த கறியை எடுத்துச் சுண்ட வையுங்கள். அதையே அந்தக் கறியின் ஒரே சூடாக்கலாகக் கொண்டு, சட்டியை வழித்து முடியுங்கள்.

இரவு மின்வெட்டு வந்தால் பிரிட்ஜில் உள்ள கறியை எடுத்துச் சூடாக்கி வைப்பது நல்லதா?

வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குளிர்ச்சியைக் காக்கும். எடுத்துச் சூடாக்கினால் குளிரில் இருந்த கறியை நீங்களே இதமான சூட்டுக்குள் கொண்டுவந்து, உங்களிடம் இருந்த ஒரே தடவையையும் வீணாக்குகிறீர்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போனால், சமைத்த சோற்றையும் கறியையும் கோழியையும் விட்டுவிடுவதே சரி.

சாப்பிட்ட பிறகு வாந்தி வந்துவிட்டது. எது காரணம் என்று தெரியுமா, எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

நேரம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கினால், சோற்று நச்சையோ பிய்த்த கோழியின் நச்சையோ சந்தேகிக்கலாம். ஆறு முதல் 24 மணித்தியாலத்துக்குள், காய்ச்சலின்றி வயிற்று முறுக்கும் வயிற்றோட்டமும் வந்தால் குழம்பின் பெர்ஃப்ரின்ஜென்ஸாக இருக்கலாம். நடந்தது எது என்பதை ஆய்வுகூடம்தான் உறுதி செய்யும்.

பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். அதுவரை சிறிது சிறிதாக ஜீவனி கரைசல் குடிக்க வேண்டும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையைச் சிறுவர்களுக்குத் தாமாகக் கொடுக்கக் கூடாது. குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, கடும் காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர் ஆகியோரை அதற்கும் முன்பே கொண்டுசெல்லுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

மிஞ்சிய உணவைக் கொட்டிவிடாமல், மூடிய பெட்டியில் பிரிட்ஜில் ஒரு புறமாக வைத்து, யாரும் எடுக்காதபடி எழுதி ஒட்டுங்கள். கடை உணவானால், அல்லது ஒரே விருந்தில் சாப்பிட்ட பலருக்கும் வந்திருந்தால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி வந்தது என்பதை அவர் முதலில் கேட்பார். அதைக் குறித்து வைத்திருங்கள்.